பார்பெரிக்கு வேலை இல்லாத நாட்டில் கோதுமைத் துரு எப்படிப் பரவுகிறது?

கேள்வி: கோதுமைத் துருப் பூஞ்சைக்கு ஐந்து வகை ஸ்போர், வாழ இரண்டு செடி, ஒன்று கோதுமை, இன்னொன்று பார்பெரி என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். இந்தியாவில் பார்பெரிக்கு இதில் வேலையே இல்லை என்று இப்போது ஒருவர் சொல்கிறார். அப்படியானால் நோய் வருஷா வருஷம் எங்கிருந்து வருகிறது? எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் என்கிறார்களே, அது பூஞ்சையைக் கொல்கிறதா, மெதுவாக்குகிறதா?

அவர் சொன்னது சரிதான். உங்கள் பாடப் புத்தகமும் தப்பில்லை. ஐந்து ஸ்போர்களையும் ஒரே வரிசையில் வைத்துப் படித்ததால்தான் இந்தக் குழப்பம். அந்த ஐந்தும் செய்வது இரண்டு வேலைகளை. ஒன்று பெருகுவது, இன்னொன்று மரபைக் கலைத்துப் புதிதாகச் சேர்ப்பது. பெருகும் வேலையை ஒரே ஒரு ஸ்போர் வகை தனியாகச் செய்கிறது. மற்ற நான்கும் இரண்டாவது வேலைக்கானவை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், பார்பெரி இல்லாமல் நோய் எப்படி வருகிறது என்பதும், எதிர்ப்பு ரகம் எதைத் தடுக்கிறது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

கோதுமையைத் தாக்கும் துரு மூன்று வகை. நான் இங்கே பேசப்போவது தண்டுத்துரு. கருந்துரு என்றும் சொல்வார்கள். பூஞ்சையின் பெயர் பக்சீனியா கிராமினிஸ் டிரிடிசி. மஞ்சள் துருவின் கொப்புளங்கள் இலையில் நூல் பிடித்த மாதிரி வரிசையாக வரும். பழுப்புத் துரு இலையின் மேல்பக்கம் சின்னச் சின்ன வட்டமாகத் தெளித்தது போல இருக்கும். தண்டுத்துருவின் கொப்புளம் நீளமானது. தண்டு, இலையுறை, இலையின் இரண்டு பக்கம் என்று எல்லா இடத்திலும் வரும். மேல்தோல் கிழிந்து ஓரங்கள் வெளியே மடிந்து நிற்கும். விரலால் தடவினால் செங்கல் பொடி போல ஒட்டும். தோல் இப்படிக் கிழிந்துபோவதால் செடி தண்ணீரை இழக்கிறது. கதிருக்குப் போகவேண்டிய சத்தும் வழியிலேயே பறிபோகிறது. கடைசியில் மணி சுருங்கிப் பதராகிறது, தண்டு ஒடிந்து சாய்கிறது.

அந்தச் செங்கல் பொடிதான் யுரிடோஸ்போர், பெருகும் வேலையைச் செய்கிற ஸ்போர். ஒவ்வொன்றும் ஒரே செல். மேலே நுண்ணிய முட்கள், உள்ளே இரண்டு நியூக்ளியஸ். இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனியாகவே ஒரு செல்லுக்குள் குடியிருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஸ்போர் இலைமேல் விழுந்த பிறகு, சில மணி நேரமாவது பனியோ மழையோ இலையை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அந்த ஈரத்தில் ஒரு முளைக்குழல் கிளம்பி, நரம்புகளுக்குக் குறுக்கே ஊர்ந்து ஓர் இலைத்துளையைத் தேடுகிறது. துளையைக் கண்டதும் அதன் மேல் ஒரு சின்ன மெத்தை போலப் படிந்து நிற்கிறது. தண்டுத்துரு உள்ளே நுழைய வெளிச்சமும் வேண்டும். அதனால் இரவுப் பனியில் முளைத்துக் காத்திருந்து, விடிந்த பிறகு, இலை காய்வதற்குள் உள்ளே போகிறது. உள்ளே போனதும் செடியின் செல்சுவரைத் துளைத்து, உறிஞ்சுறுப்பு ஒன்றைச் செருகுகிறது. செல்லை அது கொல்வதில்லை. உயிரோடு வைத்தே உண்கிறது. உயிருள்ள செடிதான் அதற்குச் சாப்பாடு என்ற இந்த விஷயம்தான் பின்னால் செடிக்கு ஆயுதமாகப் போகிறது.

வெப்பநிலை வாகாக இருந்தால் ஏழெட்டு நாளில் அந்த இடத்தில் புதுக் கொப்புளம் வெடிக்கிறது. ஒரு நல்ல கொப்புளம் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ஸ்போர் வரை உதிர்க்கும். பெரும்பாலானவை வீணாகப் போகும். ஆனாலும் விழுந்த ஒன்று மறுபடி கோதுமையையே தொற்றலாம், மறுபடி யுரிடோஸ்போரையே உண்டாக்கலாம். ஐந்தில் இந்த ஒன்றுக்கு மட்டும்தான் தன்னைத் தானே திருப்பிச் செய்யும் சக்தி உண்டு.

பயிர் முற்றத் தொடங்கும்போது அதே கொப்புளங்கள் கருக்கின்றன. கருந்துரு என்ற பெயர் இதனால்தான். இப்போது உருவாவது டீலியூட்டோஸ்போர். இரண்டு செல், தடித்த சுவர், காற்றில் பறக்காமல் வைக்கோலிலேயே ஒட்டிக்கிடக்கும். இதுவரை தனித்தனியாக இருந்த இரண்டு நியூக்ளியஸும் இதற்குள்தான் ஒன்றாகின்றன. குளிர்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில் குன்றல் பிரிவு அடைந்து பெசிடியோஸ்போர்களை விடுகிறது. இவை மெல்லிய சுவர் கொண்டவை, அதிக தூரம் தாங்காது. கோதுமையை இவற்றால் தொற்றவும் முடியாது. பக்கத்தில் பார்பெரியின் இளம் இலை இருந்தால்தான் பிழைக்கும்.

பார்பெரி இலையின் மேல்பக்கத்தில் குடுவை போன்ற சின்ன அமைப்புகள் தோன்றி, இனிப்பான ஒரு துளியில் பிக்னியோஸ்போர்களை வெளியே தள்ளுகின்றன. இவை எதற்கு என்றே நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. கனடாவின் வின்னிபெக்கில் வேலை செய்த ஜான் கிரெய்கி 1927-இல் அதைக் கண்டுபிடித்தார். ஈக்கள் அந்தத் தேனை நக்கிக்கொண்டு ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும்போது, ஒரு வகையின் ஸ்போர் எதிர்வகையின் இழையோடு சேர்கிறது. பூவில் மகரந்தம் சேர்வது போன்ற காரியம்தான் அங்கே நடக்கிறது. அதன் பிறகு இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள் வெடித்து ஏசியோஸ்போர்கள் வருகின்றன. அவற்றில் மறுபடி இரண்டு நியூக்ளியஸ், ஆனால் புதுச் சேர்க்கை. இவை பார்பெரியைத் தொற்றாது, கோதுமையைத்தான் தொற்றும். அங்கே போய் யுரிடோஸ்போராகப் பெருகும். வட்டம் முடிந்தது.

பார்பெரி இருக்கும் குளிர்நாட்டில் அந்தச் செடி இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. வயலோரத்திலேயே சீக்கிரம் நோயைத் தொடங்கிவைக்கிறது, ஒவ்வொரு வருடமும் புதுப்புது மரபுச் சேர்க்கைகளை வெளியே விடுகிறது. அமெரிக்காவில் 1918-இல் பார்பெரியை வேரோடு ஒழிக்கத் தொடங்கினார்கள். நோய் ஏறக்குறைய பத்து நாள் தாமதமாகத் தொடங்க ஆரம்பித்தது, அதே பூஞ்சைக்குள் உருவாகும் வெவ்வேறு இனங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. பத்து நாள் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கீழே ஒரு கணக்குப் போடும்போது தெரியும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். நம் சமவெளியில் மார்ச், ஏப்ரலில் கோதுமை அறுவடை முடிந்துவிடும். அப்புறம் நாற்பது டிகிரி வெயில். வைக்கோலில் இருக்கும் டீலியூட்டோஸ்போர் குளிருக்காகக் காத்திருக்கும் ஸ்போர். இந்த வெயிலில் உயிரை விட்டுவிடும். யுரிடோஸ்போரும் தாங்காது. பச்சைக் கோதுமையும் அக்டோபர் வரை கிடையாது. ஆனாலும் அடுத்த பருவத்தில் நோய் வந்துவிடுகிறது. ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கே. சி. மேத்தா இந்தப் புதிரைப் பல வருடம் துரத்தினார். நம் நாட்டில் பார்பெரி இனச் செடிகள் இமயமலையில் உண்டு, நீலகிரியிலும் உண்டு. ஆனால் வருடாந்தர நோய்க்கு அவை காரணம் இல்லை, மலைகளில் கோடையிலும் பச்சையாக நிற்கும் கோதுமையில் யுரிடோஸ்போர் தொடர்ந்து உயிர் வாழ்கிறது என்று அவர் காட்டினார். பூஞ்சை நம் நாட்டில் நான்கு கட்டங்களையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறது.

தண்டுத்துருவுக்கு அப்படிப்பட்ட மலை நீலகிரியும் பழனி மலையும்தான். இந்த நோய்க்கு ஓரளவு வெதுவெதுப்பு வேண்டும். இமயமலைப் பக்கத்தின் குளிர்காலம் அதற்கு ஒத்துவராது. நீலகிரியில் வருடம் முழுக்க மிதமான தட்பவெப்பம், ஒரு போகம் முடிந்தால் அடுத்தது, நடுவில் உதிர்ந்த மணியில் தானாக முளைத்த செடிகள். நம் சம்பா கோதுமை இந்த மலைகளில் விளைந்ததுதான். யுரிடோஸ்போருக்கு ஒரு நாள்கூடச் சோற்றுக்குக் குறைவில்லை.

இங்கிருந்து மத்தியப் பிரதேசம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை ஸ்போர் எப்படிக் கடக்கிறது என்பதை 1970-களில் எஸ். நாகராஜனும் உடன் வேலை செய்தவர்களும் வானிலைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து விளக்கினார்கள். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி, தென்னிந்தியா வழியாக ஏறி, மத்திய இந்தியாவில் போய் வலுவிழக்கிறது. அந்தக் காற்றோட்டத்தில் ஏறிய ஸ்போர்களை அங்கே பெய்யும் மழை கழுவிப் பயிர்மேல் இறக்கிவிடுகிறது. எல்லா வருடமும் இது நடப்பதில்லை. புயலின் பாதை, மத்திய இந்தியாவில் மழை, பயிரின் வயது எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்த வருடம் கெட்டது. 1946-47-இல் மத்திய இந்தியாவில் கோதுமை பெரிய அளவில் அழிந்ததற்குத் தண்டுத்துருதான் காரணம். சென்னையில் நமக்கு மழை கொண்டுவரும் அதே பருவத்தின் காற்று வடக்கே இந்த நோயைக் கொண்டுபோகும் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

இப்போது ரகங்களுக்கு வருகிறேன். எதிர்ப்பு என்பதில் இரண்டு ரொம்ப வேறுபட்ட விஷயங்களை ஒரே சொல்லால் சொல்கிறோம்.

முதல் வகையில் செடியிடம் ஒரு காவல் புரதம் இருக்கும். பூஞ்சை தன் வேலைக்காகச் செடியின் செல்லுக்குள் சில புரதங்களை அனுப்புகிறது. அவற்றில் ஒன்றை இந்தக் காவல் புரதம் அடையாளம் கண்டதும் அந்த செல் தானே செத்துவிடும். உயிருள்ள செல்லில்தான் பூஞ்சை சாப்பிட முடியும் என்றேனே, அது பட்டினி கிடந்து நின்றுவிடும். இலையில் கொப்புளம் வராது. ஒரு வெளிறிய புள்ளியோ, செத்த திசு சூழ்ந்த மிகச் சிறிய கொப்புளமோதான் தெரியும். ஆக, இந்த வகை பூஞ்சையைத் தடுத்தே நிறுத்துகிறது. ஆனால் காவல் புரதம் ஒரே ஒரு முகத்தை மட்டும் அறிந்துவைத்திருக்கிறது. பூஞ்சை அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டாலோ இழந்தாலோ கதவு முழுசாகத் திறந்துவிடும். நடுவழி ஒன்றும் கிடையாது.

ரை என்ற தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்த எஸ்ஆர்31 என்ற ஜீன் இப்படிப்பட்டதுதான். இந்தியாவில் பரவலாகப் பயிரான பிபிடபிள்யூ 343-இலும் அது உண்டு. முப்பது வருடத்துக்குப் பக்கமாக உலகம் முழுக்க அது தாங்கியது. 1998-இல் உகாண்டாவில் அதை வென்ற ஓர் இனம் தென்பட்டது. யுஜி99 என்று பெயர் வைத்தார்கள். பிறகு கென்யா, எத்தியோப்பியா, சூடான், ஏமன், ஈரான் என்று பரவியது. கென்யாவில் 2006-இல் அதே குடும்பத்தில் ஓர் இனம் எஸ்ஆர்24-ஐயும் வென்றிருந்தது. இந்த யுஜி99 எப்படிப் பிறந்தது என்பது 2019-இல்தான் தெளிவானது. அதன் இரண்டு நியூக்ளியஸில் ஒன்று, தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய காலமாக இருந்த வேறோர் இனத்தின் நியூக்ளியஸோடு அப்படியே ஒத்துப்போனது. அதாவது இரண்டு இனங்களின் இழைகள் கோதுமைக்குள்ளேயே ஒட்டி, நியூக்ளியஸை மாற்றிக்கொண்டிருக்கின்றன. பார்பெரியும் இல்லை, ஈயும் இல்லை. இரண்டு நியூக்ளியஸ் தனித்தனியாக இருப்பதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பார்பெரி இல்லாத நாட்டில் புது இனம் வராது என்று நிம்மதியாக இருக்க முடியாது, மெதுவாகத்தான் வரும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரண்டாவது வகை, நீங்கள் கேட்ட மெதுவாக்குகிற வகை. இதில் கொப்புளம் வரும். ஆனால் குறைவாக வரும், சிறியதாக வரும், தாமதமாக வரும், கொஞ்சமாக ஸ்போர் உதிர்க்கும். நாற்றிலே பார்த்தால் எதிர்ப்பே இல்லாத செடி மாதிரி இருக்கும். செடி வளர்ந்த பிறகுதான் வேலை செய்யும். இதில் பேர்பெற்றது எஸ்ஆர்2. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மெக்ஃபேடன் என்பவர் யாரோஸ்லாவ் என்ற எம்மர் கோதுமையிலிருந்து அதை ரொட்டிக் கோதுமைக்கு மாற்றினார். ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது, இன்னும் எந்த இனமும் அதை முழுசாக வெல்லவில்லை. எம்மர் என்பது வேறு எதுவும் இல்லை, நம் சம்பா கோதுமையின் இனம்தான்.

மெதுவாக்குவதால் மட்டும் என்ன பெரிய லாபம் என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த வயலிலும் அளந்தவை இல்லை. ஒரு ஹெக்டேரில் ஜனவரி நடுவில் ஒரே ஒரு கொப்புளம் இருக்கிறது, அறுவடைக்கு 56 நாள் என்று வையுங்கள். எதிர்ப்பு இல்லாத ரகத்தில் ஒரு தலைமுறைக்கு 8 நாள், ஒவ்வொரு கொப்புளமும் 10 புதுக் கொப்புளத்தை உண்டாக்குகிறது. 56 நாளில் ஏழு தலைமுறை. கடைசியில் ஒரு கோடி கொப்புளம். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 40 லட்சம் தண்டு இருக்கும். ஆக, தண்டுக்கு இரண்டு மூன்று கொப்புளம். வயல் முழுக்க நோய் என்று அர்த்தம்.

இப்போது மெதுவாக்கும் ரகம். வேறு எதையும் தொடவேண்டாம், 8 நாள் 14 நாளாகிறது என்று மட்டும் மாற்றுங்கள். அதே 56 நாளில் நான்கு தலைமுறைதான். பத்தாயிரம் கொப்புளம். நானூறு தண்டுக்கு ஒன்று. ஆயிரம் மடங்கு குறைந்துவிட்டது. இத்தனைக்கும் ஒரு ஸ்போரைக்கூட நாம் கொல்லவில்லை. கூடவே தொற்றும் அளவும் பாதியாகி, ஒவ்வொன்றும் 5 கொப்புளம்தான் உண்டாக்குகிறது என்றால் ஹெக்டேர் முழுக்க 625. தேடினால்தான் கண்ணில் படும். பயிர் முற்றிவிட்டால் பந்தயம் முடிந்தது, அதற்குப் பிறகு வரும் கொப்புளத்தால் மணிக்குச் சேதம் இல்லை. அமெரிக்காவில் பார்பெரியை வெட்டியதால் கிடைத்த பத்து நாளின் மதிப்பும் இப்படித்தான், ஒரு தலைமுறையே போய்விடுகிறது.

ஆனால் எஸ்ஆர்2 தனியாக இருந்தால், நோய் சீக்கிரம் தொடங்கி ஸ்போர் மழையாகக் கொட்டும் வருடத்தில் போதாது. அதோடு எஸ்ஆர்57, எஸ்ஆர்55 மாதிரி மெதுவாக்கும் ஜீன்கள் நான்கைந்து சேர்ந்தால், கிட்டத்தட்ட நோயே இல்லாத அளவுக்கு வரும். வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. எஸ்ஆர்31 மாதிரி முழுசாகத் தடுக்கும் பெரிய ஜீன் ஒன்று சேர்ந்திருந்தால் அதன் மறைவில் மெதுவாக்கும் சின்ன ஜீன்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஎன்ஏ அடையாளக் குறிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்ஆர்2-க்கு மட்டும் வெளியே தெரியும் ஓர் அடையாளம் உண்டு. முற்றும் சமயத்தில் உமியும், கதிருக்குக் கீழே தண்டும் கருக்கும். விவசாயிகள் சிலர் இதைக் கருந்துரு என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். துரு என்றால் தோல் கிழிந்து பொடி வரும். இது வெறும் நிறம், ஒன்றும் ஒட்டாது.

ஒரே ஒரு பெரிய ஜீனை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியாவைச் சொல்லவேண்டும். 2010-இல் அங்கே மஞ்சள் துரு பயிரை அடித்துப்போட்டது. அதைத் தாங்கக்கூடிய, யுஜி99-ஐயும் தாங்கக்கூடிய டிகலு என்ற ரகத்துக்கு விவசாயிகள் வேகமாக மாறினார்கள். அவர்கள் செய்தது நியாயமான தேர்வு. அப்போது இருந்ததில் நல்ல ரகம் அது. ஆனால் தண்டுத்துருவுக்கு எதிராக அதனிடம் இருந்தது எஸ்ஆர்டிஎம்பி என்ற ஒரு ஜீன். 2013 கடைசியில் யுஜி99-ஓடு தொடர்பே இல்லாத வேறோர் இனம், டிகேடிடிஎஃப், அந்த ஜீனைத் தாண்டிவந்தது. பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் பாதித்தது. சில வயல்களில் அறுக்கவே ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்துப் பக்கத்து வயலெல்லாம் ஒரே ரகமாக இருந்ததால் ஒவ்வொரு ஸ்போரும் போன இடத்திலெல்லாம் சாப்பாடு கிடைத்தது.

ஒரே ஜீனை எல்லா இடத்திலும் நம்பக்கூடாது என்ற இந்தப் பாடத்தை நம் நாட்டில் இடத்தை வைத்துப் பயன்படுத்த முடிகிறது. நோயின் ஊற்று நீலகிரி, அது போய்ச் சேரும் இடம் மத்திய இந்தியா என்று தெரிந்திருப்பதால், இரண்டு முனையிலும் வேறு வேறு எதிர்ப்பை வைக்கலாம். நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம், மலையின் மிதமான தட்பவெப்பத்தில் வருடம் முழுக்கத் துரு இருப்பதையே வசதியாக்கிக்கொண்டு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் கோதுமையைப் பரிசோதிக்கிறது. எஸ்ஆர்24 போன்ற ஜீன்களைச் சேர்த்து மலைக்கேற்ற ரகங்களும் அங்கே உருவாகின. மலையில் எதிர்ப்பு ரகம் நின்றால் புயல் வரும் நாளில் காற்றில் ஏறுவதற்கே ஸ்போர் குறைவாக இருக்கும். அதையும் மீறி ஏறிய இனம் மலையின் ஜீனை வென்றதாக இருக்கும், ஆனால் சமவெளியில் அதை எதிர்கொள்வது வேறு ஜீன். இரண்டு பூட்டுக்கும் ஒரே நேரத்தில் சாவி வைத்திருக்கும் இனம் கிடைப்பது அரிது. மலையிலும் சமவெளியிலும் ஒரே ஜீனை விதைத்துவிட்டால் இந்த லாபம் முழுக்கப் போய்விடும்.

சோதனை வயலுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், ஓரத்தில் நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகத்தை வேண்டுமென்றே வரிசையாக நட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். அதில் நன்றாக நோய் வந்திருந்தால்தான் மற்ற ரகங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியும். அடுத்து, சுத்தமாக இருக்கும் பாத்தியையும், அங்கங்கே சின்னக் கொப்புளங்களோடு இருக்கும் பாத்தியையும் குறித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். ஓரத்து வரிசை சிவந்து சாய்ந்திருக்கும். அந்தச் சின்னக் கொப்புளப் பாத்தி போன தடவை விட்ட இடத்திலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருந்தால், நீங்கள் கேட்ட மெதுவாக்கும் ரகம் அதுதான்.